கை மறைத்தால் எரியும் விளக்கு, அந்தியில் எரியுமா?

எந்தப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் தானியங்கித் தெருவிளக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம். தெர்மாகோல் பலகையில் கறுப்புத் தாள் ஒட்டிய சாலை, இரண்டு பக்கமும் ஸ்ட்ராவில் செய்த கம்பங்கள், உச்சியில் குட்டி எல்இடிகள், ஓரமாக ஒரு 9 வோல்ட் பேட்டரி. "கையால மூடிப் பாருங்க சார்" என்பாள் மாதிரியைச் செய்த மாணவி. பட்டாணி அளவு இருக்கும் சென்சாரை விரலால் மறைத்தால் விளக்குகள் எரியும், விரலை எடுத்தால் அணைந்துவிடும். பார்த்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். மேசையில் இருக்கும் அறிக்கையும் அத்தோடு முடிந்துவிடும். நோக்கம், தேவையான பொருட்கள், மின்சுற்று வரைபடம், செயல்படும் விதம், "இதனால் மின்சாரம் சேமிக்கப்படுகிறது" என்று ஒரு முடிவுரை.

அந்த மாதிரியில் இதைவிட நிறைய விஷயம் இருக்கிறது. விரலால் மறைத்தால் இருட்டு ஒரு நொடியில் வந்துவிடும். உண்மையான இருட்டு அப்படி வருவதில்லை. தமிழ்நாட்டில் சூரியன் மறைந்த பிறகு, விளக்கில்லாமல் வெளியே வேலை செய்ய முடியாத அளவுக்கு இருட்ட 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்துக்குள் மின்சுற்று செய்கிற வேலைகளை விரல் சோதனை காட்டவே காட்டாது. கண்காட்சி அறிக்கை எழுத வேண்டிய பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் அந்தச் சென்சார். எல்.டி.ஆர் என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும். மேலிருந்து பார்த்தால் வெண்ணிற வட்டில்லையின் மீது செம்பழுப்புக் கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். அந்தக் கோடுதான் காட்மியம் சல்பைடு. இருட்டில் அதனுள் இருக்கும் எலக்ட்ரான்கள் இடம்விட்டு நகராமல் கட்டுண்டு கிடப்பதால் மின்சாரம் போக வழியில்லை. ஒளி பட்டதும் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு சில எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. ஒளி கூடக் கூட விடுபடுபவை கூடி, மின்தடை குறைகிறது.

ஒளி பட்டால் ஒரு பொருளின் மின்தடை மாறும் என்பது தற்செயலாகத் தெரியவந்த செய்தி. கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க அதிக மின்தடை உள்ள ஒரு பொருள் தேவைப்பட்டது. ஆங்கிலேயப் பொறியாளர் வில்லோபி ஸ்மித் அதற்கு செலினியம் கம்பிகளைப் பயன்படுத்தினார். அவற்றின் மின்தடை நிலையாக நிற்கவில்லை. கம்பி வைத்திருந்த பெட்டியின் மூடியைத் திறந்தால் ஓர் அளவு, மூடினால் வேறோர் அளவு. காரணம் ஒளி என்று 1873-இல் அவர் வெளியிட்டார். சோதனைக் கருவிக்குத் தொல்லையாக இருந்த அதே குணத்தைத்தான் நம் மாணவி இன்று வேலை வாங்குகிறாள்.

செலினியத்துக்குப் பதில் காட்மியம் சல்பைடு வந்ததில் தெருவிளக்குக்கு ஒரு வசதி உண்டு. பச்சை நிறத்தை ஒட்டிய ஒளிக்குத்தான் அது அதிகமாக அசைந்துகொடுக்கும். மனிதக் கண்ணும் அப்படித்தான். ஆகவே நமக்கு இருட்டாகத் தெரிவது அதற்கும் ஏறத்தாழ இருட்டு. இன்னொரு பக்கம், காட்மியம் நச்சு உலோகம். மின்னணுப் பொருட்களில் அதன் அளவை ஐரோப்பிய ஒன்றியம் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருப்பதால், விற்பனைக்கு வரும் கருவிகள் பலவற்றில் எல்.டி.ஆர் இடத்தில் சிலிக்கான் சென்சார்கள் வந்துவிட்டன. பள்ளி மேசையில் எல்.டி.ஆரைத் தாராளமாகக் கையாளலாம். உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

எண்கள் இல்லாமல் மேற்கொண்டு போக முடியாது; ஆனால் நாலைந்து எண்கள் போதும். ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். உச்சி வெயிலில் அது 1 லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். வகுப்பறை மேசைமேல் 200 லக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். மேகமில்லாத நாளில் சூரியன் தொடுவானத்தைத் தொடும் நேரத்தில் சில நூறு லக்ஸ் இருக்கும். அங்கிருந்து 20 நிமிடம் சொச்சத்தில் 3 லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். முழுநிலவு வெளிச்சம் 1 லக்ஸ்கூட வராது.

கடைகளில் அதிகம் கிடைக்கும் 5528 வகை எல்.டி.ஆருக்கு 10 லக்ஸ் வெளிச்சத்தில் 10 முதல் 20 கிலோ ஓம் வரை மின்தடை இருக்கலாம் என்பது தயாரிப்பாளர்கள் தரும் அளவு. வெளிச்சம் 10 மடங்கு கூடினால் மின்தடை சுமார் ஐந்தில் ஒரு பங்காகும். முழு இருட்டில் 1000 கிலோ ஓமைத் தொடும், ஆனால் உடனே தொடாது. சில நொடிகள் எடுத்துக்கொண்டு மெல்ல ஏறும். 10 முதல் 20 என்ற இடைவெளியையும் கவனிக்க வேண்டும். ஒரே பையிலிருந்து எடுத்த இரண்டு எல்.டி.ஆர்கள் ஒரே வெளிச்சத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டினாலும் பழுதென்று சொல்ல முடியாது. அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை அப்படியே அறிக்கையில் எழுதுவதில் பயனில்லை. தன் கையில் இருக்கும் எல்.டி.ஆரை மல்டிமீட்டரில் வைத்துத் தானே அளந்தால்தான் அதன் குணம் தெரியும்.

இனி மின்சுற்று. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 100 கிலோ ஓம் மின்தடை ஒன்று கீழே வருகிறது. அதன் மறுமுனையில் எல்.டி.ஆர் சேர்கிறது, எல்.டி.ஆரின் அடுத்த கால் நெகட்டிவுக்குப் போகிறது. இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஒரு கம்பி பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்குச் செல்கிறது. விளக்கு, அதாவது வெள்ளை எல்இடி, 470 ஓம் மின்தடையோடு டிரான்சிஸ்டரின் கலெக்டர் பக்கம் நிற்கிறது. அவ்வளவுதான் சுற்று.

பேட்டரியின் 9 வோல்ட்டை 100 கிலோ ஓமும் எல்.டி.ஆரும் தத்தம் மின்தடைக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்கின்றன. வகுப்பறை வெளிச்சத்தில் எல்.டி.ஆர் 2 கிலோ ஓம் என்றால் அதன் பங்கு 9-ஐ 2-ஆல் பெருக்கி 102-ஆல் வகுத்தது, அதாவது 0.18 வோல்ட். டிரான்சிஸ்டர் விழிக்க பேஸில் 0.6 வோல்ட்டாவது வேண்டும். 0.18 போதாது, விளக்கு அணைந்திருக்கிறது. வெளிச்சம் குறைந்து எல்.டி.ஆர் 7 கிலோ ஓமுக்கு ஏறும்போது அதன் பங்கு 0.6 வோல்ட்டைத் தொடுகிறது. நடுத்தரமான ஓர் எல்.டி.ஆருக்கு இது சுமார் 30 லக்ஸில் நடக்கும். அந்தியில் பார்த்தால், சூரியன் மறைந்து ஏறத்தாழ கால் மணி நேரம் கழித்து.

இங்கேதான் விரல் சோதனை மறைத்த முதல் விஷயம் வெளிப்படுகிறது. 30 லக்ஸில் விளக்கு பளிச்சென்று எரிந்துவிடாது. அப்போதுதான் லேசாகச் சிவக்கத் தொடங்கும் கம்பி மாதிரி மங்கலாக உயிர்பெறும். காரணம், 0.6 வோல்ட்டில் பேஸுக்குள் போகும் மின்னோட்டம் மிகக் குறைவு. எல்.டி.ஆர் 30 கிலோ ஓமுக்கு ஏறினால்தான் பேஸுக்கு 60 மைக்ரோ ஆம்பியர் அளவு கிடைக்கும். டிரான்சிஸ்டர் அதை 200 மடங்கு ஆக்கினால் எல்இடிக்கு 12 மில்லி ஆம்பியர். அதுதான் முழு வெளிச்சம். 7 கிலோ ஓமிலிருந்து 30-க்குப் போக அந்தியில் சில நிமிடங்கள் பிடிக்கும். அத்தனை நேரமும் டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் நிற்கிறது. குட்டி எல்இடிக்கு அதனால் கெடுதல் இல்லை. அதே இடத்தில் பெரிய எல்இடி பட்டையை மாட்டினால் பாதி திறந்த டிரான்சிஸ்டர் சூடாகிவிடும். பிசி 547 தாங்குவது அதிகபட்சம் 100 மில்லி ஆம்பியர்தான். தொட்டால் விரல் சுடுகிறது என்றால் இதுதான் காரணம்.

விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதை மாற்ற 100 கிலோ ஓமுக்குப் பதில் திருகக்கூடிய பிரிசெட் வைப்பார்கள். மின்தடையைக் குறைத்தால் விளக்கு முன்னதாகவே எரியும். கூட்டினால் இன்னும் இருட்டிய பிறகு எரியும். ஆனால் அந்த ஒரே திருகு இன்னொன்றையும் சேர்த்து மாற்றுகிறது. 220 கிலோ ஓமுக்குத் திருகினால் விளக்கு சுமார் 10 லக்ஸில் விழிக்கும், சரி. ஆனால் முழு இருட்டிலும் பேஸுக்குக் கிடைப்பது 38 மைக்ரோ ஆம்பியர்தான் என்பதால் விளக்கு நிரந்தரமாக மங்கிவிடும். "பிரிசெட்டைத் திருகினேன், வெளிச்சம் குறைந்துவிட்டது" என்று குழம்பும் மாணவர்களுக்கு இதுதான் விடை. இன்னொரு டிரான்சிஸ்டரைத் தொடர்ந்து சேர்த்தால் பெருக்கம் கூடி இந்தச் சிக்கல் தீரும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பிழை. விளக்கு எரிந்ததும் அதன் வெளிச்சம் எங்கே போகிறது? கொஞ்சமாவது எல்.டி.ஆர் மேலும் விழுகிறது. மாதிரியில் கம்பத்துக்கும் சென்சாருக்கும் நடுவே நாலு விரற்கடைதான் இருக்கும். நேராக விழுந்தால் அந்தக் குட்டி எல்இடியே நூற்றுக்கணக்கான லக்ஸ் கொடுத்துவிடும். எல்.டி.ஆர் அதைப் பார்த்து "விடிந்துவிட்டது" என்று முடிவு செய்கிறது.

பிறகு என்ன நடக்கும் என்பது சுற்றைப் பொறுத்தது. ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்றில் விளக்கு விட்டுவிட்டு எரியும் என்று பலர் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. விளக்கு கூடினால் பேஸ் மின்னோட்டம் குறைகிறது, குறைந்தால் விளக்கு மங்குகிறது, மங்கினால் மறுபடி மின்னோட்டம் கூடுகிறது. இழுபறியில் நடுவில் எங்கோ ஓரிடத்தில் விளக்கு அரை வெளிச்சத்தில் அசையாமல் நின்றுவிடும். அறையை எவ்வளவு இருட்டாக்கினாலும் அதற்கு மேல் எரியாது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவார்கள், பலன் இருக்காது. கண்டுபிடிப்பது சுலபம். கறுப்பு ஸ்ட்ரா துண்டு ஒன்றை எல்.டி.ஆரைச் சுற்றிச் செருகி, வாய் மேலே பார்க்க வையுங்கள். விளக்கு சட்டென்று பிரகாசமானால் குற்றவாளி அதன் சொந்த வெளிச்சம்தான்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் ரிலேயோ ஆர்டுயினோ பலகையோ விளக்கை இயக்கினால் கதை மாறும். அவற்றுக்குப் பாதி நிலை கிடையாது. எரி, இல்லாவிட்டால் அணை. அப்போதுதான் விளக்கு எரிந்து, தன் வெளிச்சத்தைத் தானே கண்டு அணைந்து, மறுபடி எரிந்து என்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ரிலே என்றால் 'டக் டக்' என்று சத்தமும் கேட்கும். மேகம் வந்து போகும் அந்தியில், சொந்த வெளிச்சம் படாவிட்டாலும் இதே சிமிட்டலைச் சிறிது நேரம் பார்க்கலாம்.

இதற்கு மருந்து, எரிவதற்கு ஓர் அளவும் அணைவதற்கு வேறோர் அளவும் வைப்பது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர் நன்றாக இறங்கிய பிறகுதான் மோட்டார் ஓடும், நிரம்பிய பிறகுதான் நிற்கும். நடுமட்டத்தில் இருக்கும்போது முன்பு என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே தொடரும். ஆர்டுயினோவில் இதற்கு மூன்று வரி போதும். எல்.டி.ஆரை 5 வோல்ட் பக்கமும் 10 கிலோ ஓம் மின்தடையை நெகட்டிவ் பக்கமும் வைத்தால், வெளிச்சம் கூடும்போது அளவு கூடும்:

```
int v = analogRead(A0);
if (v < 300) digitalWrite(9, HIGH);
else if (v > 450) digitalWrite(9, LOW);
```

இந்த வரிகள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். அளவு 300-க்குக் கீழே போனால் விளக்கு எரியும், 450-ஐத் தாண்டினால் அணையும், இடையில் இருந்தால் எதுவும் மாறாது. நடுத்தர 5528-க்கு 300 என்பது சுமார் 5 லக்ஸ், 450 என்பது சுமார் 13 லக்ஸ். இடைவெளி 8 லக்ஸ். ஆகவே விளக்கின் சொந்த வெளிச்சம் எல்.டி.ஆர் மேல் 8 லக்ஸுக்குக் குறைவாக விழும்வரை சிமிட்டல் வராது, மிஞ்சினால் வரும். இந்த ஒரு வாக்கியத்தைச் சோதித்து எழுதியிருக்கும் அறிக்கைக்கு நான் மதிப்பெண்ணைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுவேன். இடைவெளியைக் கூட்டலாம், அல்லது சென்சாரை நகர்த்தலாம். நிஜத் தெருவிளக்குகளில் சென்சாரை விளக்குக் கூட்டின் முதுகில், வானத்தைப் பார்த்தபடி வைப்பது இந்தக் காரணத்தால்தான். வாகன முகப்பு விளக்கு ஒரு கணம் பட்டுப் போனாலோ, மின்னல் வெட்டினாலோ ஏமாறாமல் இருக்க, மாற்றம் சில நொடிகளாவது நீடிக்கிறதா என்று பார்த்த பிறகே அவை முடிவெடுக்கும்.

அந்திச் சோதனையை எப்படிச் செய்வது? இரண்டு மாலைகள் வேண்டும். முதல் மாலை மின்சுற்று வேண்டாம். எல்.டி.ஆரின் இரண்டு கால்களையும் மல்டிமீட்டரில் மாட்டி, மொட்டைமாடியில் வானத்தைப் பார்க்க வைத்துவிட்டு, சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்பிலிருந்து 2 நிமிடத்துக்கு ஒரு முறை மின்தடையை எழுத வேண்டும். பக்கத்து வீட்டு விளக்கு படாத இடமாக இருக்கட்டும். வரைபடத் தாளில் போட்டால் கோடு வெகுநேரம் தரையை ஒட்டியே ஓடிவிட்டுக் கடைசியில் செங்குத்தாக ஏறும். கையிலிருக்கும் மின்தடைகளில் எதை வைத்தால் எத்தனை மணிக்கு விளக்கு எரியும் என்பதை அந்தக் கோட்டிலிருந்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். சொல்லி, எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது மாலை முழுச் சுற்றோடு உட்கார்ந்து, பேஸ் வோல்ட்டேஜையும் விளக்கின் நிலையையும் அதே இடைவெளியில் குறிக்க வேண்டும். முந்தின மாலை சொன்ன நேரமும் இன்று எரிந்த நேரமும் எவ்வளவு விலகியிருக்கின்றன? மேகம் இருந்ததா? வெகுநேரம் இருட்டுப் பெட்டியில் கிடந்த எல்.டி.ஆரும் வெயிலில் கிடந்த எல்.டி.ஆரும் ஒரே வெளிச்சத்தில் சற்று வேறுபட்ட அளவு காட்டும் என்பதால், இரண்டு நாளும் அதை ஒரே மாதிரி வைத்திருந்தார்களா? விலகலுக்குக் காரணம் தேடுவதுதான் அறிக்கையின் நெஞ்சுப்பகுதி. கைபேசியின் வெளிச்ச அளவுமானியை உடன் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் எண்ணைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மின்சேமிப்பு என்ற வரியையும் கணக்கோடு எழுதலாம். கடிகாரத்தை வைத்து இயக்கும் தெருவிளக்கில் என்ன குறை? சென்னையில் நவம்பரில் சூரியன் சுமார் 5.40-க்கு மறைகிறது, ஜூலையில் சுமார் 6.40-க்கு. மாலை 6 மணி என்று ஒரே நேரத்தை வைத்தால் நவம்பரில் சரியாக இருப்பது, ஜூலையில் சூரியன் மறையும் முன்னரே 40 நிமிடம் வீணாக எரியும். தேதிக்கும் ஊருக்கும் ஏற்ப நேரத்தைத் தானே கணக்கிடும் கடிகாரங்கள் வந்துவிட்டதால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆனால் மழைமேகம் கவிந்து மாலை 5 மணிக்கே இருட்டினால் கடிகாரத்துக்குத் தெரியாது, எல்.டி.ஆருக்குத் தெரியும். ஒரு 40 வாட் விளக்கு காலையும் மாலையும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை மணி நேரம் தேவையில்லாமல் எரிவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு சுமார் 22 யூனிட் வீண். சென்சார் மிச்சம் பிடிப்பது அந்த 22 யூனிட்டைத்தான். இரவு முழுவதும் எரியும் மின்சாரத்தில் அது கைவைப்பதில்லை. "பாதி மின்சாரம் மிச்சம்" என்று எழுதும் அறிக்கைகள் எந்தப் பாதியைச் சொல்கின்றன என்று கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. இதற்கு அந்தி வரை காத்திருக்க வேண்டியதில்லை. பட்டப்பகலில் எல்.டி.ஆரின் ஒரு காலைப் பிரெட்போர்டிலிருந்து உருவிவிடுங்கள். முதலில் சொன்ன டிரான்சிஸ்டர் சுற்றில் விளக்கு எரியும். காலறுந்த எல்.டி.ஆரும் காரிருளும் அந்தச் சுற்றுக்கு ஒன்றுதான். இரண்டிலும் மின்சாரம் அந்த வழியே போவதில்லை. தெருவில் பகலில் எரியும் விளக்கைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வர வேண்டும். சென்சார் பழுதானாலோ, தூசும் பறவை எச்சமும் அதை மூடினாலோ விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்படிதான் பொதுவாக வடிவமைப்பார்கள். சாலை இருட்டாகக் கிடப்பதைவிடப் பகலில் ஒரு விளக்கு வீணாக எரிவது மேல் என்பது அதன் கணக்கு. இப்போது எல்.டி.ஆரையும் 100 கிலோ ஓமையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். விளக்கு பகலில் எரியும், முழு இருட்டில்தான் மங்கும்; எல்.டி.ஆரின் காலை உருவினால் எரியவே எரியாது. ஆர்டுயினோ சுற்றிலும் எல்.டி.ஆர் 5 வோல்ட் பக்கம்தான் இருக்கிறது. அதில் கால் அறுந்தால் அளவு பூஜ்யத்துக்கு இறங்கி விளக்கு எரியும் என்பதையும் செய்து பார்த்து, மூன்று முடிவுகளையும் அட்டவணையில் சேர்த்துவிடலாம்.